இரவல் பாட்டும் சொந்தப் படமும்

மடுல்கெல்லக் கடைவீதியில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் கல்யாண அல்பமும் டிவிடியும் மட்டும் கேட்பார்கள். இப்போது கணக்குப் பேசி முடிந்து எழும்பும்போது, "அப்படியே ஒரு ஷோர்ட்டும் போட்டுக் குடுங்க தம்பி" என்பார்கள். மூன்று மணிநேரக் கல்யாண வீடியோவை வீட்டார் ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்பார்கள். முக்கால் நிமிட ஷோர்ட்டைத்தான் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன அக்கா வேலை முடிந்த இரவில் திரும்பத் திரும்பப் பார்ப்பார். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி பார்ப்பான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்ந்த சொந்தங்களின் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். கனடாவில் ஒரு சித்தியும் இருப்பார். பன்விலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடக்கும் சடங்கின் ஷோர்ட்டுக்குக்கூட நான்கைந்து நாடுகளில் ஆட்கள் உண்டு.

அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு சிக்கல் கொழும்புக்காரருக்குத் தெரிவதைவிடச் சீக்கிரமாக எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே நன்றாக ஓடும் ஷோர்ட் அங்கே ஊமையாகிவிடும். அல்லது திறக்கவே திறக்காது. படத்தில் எந்தக் குறையும் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துச் சேர்த்த பாட்டு, ஏதோ ஒரு நாட்டில் அந்தத் தளத்தின் கையை விட்டுப் போயிருக்கிறது. இது ஏன் நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்யலாம் என்பதைத் தொழில் பழகியவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டிக்டொக்கிலோ யூடியூப் ஷோர்ட்ஸிலோ இன்ஸ்டகிராம் ரீல்ஸிலோ, செயலிக்குள்ளேயே பாட்டுப் பட்டியலைத் திறந்து ஒரு பாட்டைத் தட்டிச் சேர்க்கிறோம். அந்தப் பாட்டை யாரும் நமக்கு விற்கவில்லை, தரவும் இல்லை. பாட்டு நிறுவனத்துக்கும் தளத்துக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அது நடப்பில் இருக்கும்வரை, அந்தத் தளத்துக்குள் மட்டும், அந்தப் பாட்டின் ஒரு துண்டை நம் படத்தோடு ஓடவிடுகிறார்கள். சேர்த்த கையோடு சோதித்துப் பார்க்கலாம். நூலகப் பாட்டுப் போட்ட ரீலை இன்ஸ்டகிராமிலிருந்து ஃபோனுக்கு இறக்கினால் பெரும்பாலும் பாட்டில்லாமல் வெறும் படம்தான் வந்து சேரும். நம்முடைய படம் நம்மிடம் திரும்பி வருகிறது; இரவல் பாட்டு அதன் இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்த ஒப்பந்தமும் ஒன்றல்ல. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. பாடகர் பாடி ஒலிப்பதிவான அந்த ஒலிக்கு ஓர் உரிமை; அது பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை; அது இசையமைப்பாளர், பாடலாசிரியர், அவர்களுடைய பதிப்பு நிறுவனம் அல்லது உரிமைச் சங்கம் என்று வேறொரு கையில் இருக்கும். இரண்டு கதவும் திறந்திருந்தால்தான் பாட்டு ஓடும். போதாததற்கு, இந்த உரிமைகள் நாடு நாடாகப் பிரித்து எழுதப்படுகின்றன. தமிழ்ப் படப் பாட்டுகளில் இது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இளையராஜா பாடல்களின் வழக்குகளே போதும். எக்கோ நிறுவனம், மலேசியாவின் அகி மியூசிக் என்று பல தரப்பினர் பங்கெடுத்த வழக்கில் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் வாதங்கள் ஓயவில்லை. கேட்கிறவருக்கு அது ஒரே பாட்டு. சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒவ்வொரு சொந்தக்காரர் இருக்கலாம்.

மடுல்கெல்லயில் இருந்துகொண்டு பாட்டுப் பட்டியலைத் திறக்கும்போது எனக்குத் தெரிவது இலங்கையில் கிடைக்கும் பாட்டுகள். நான் தட்டும் பாட்டு கனடாவிலும் கட்டாரிலும் கிடைக்குமா என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. பார்க்கும் ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த நாட்டின் கணக்குத்தான் அவருக்கு ஓடும். படம் எங்கே எடுக்கப்பட்டது, யார் போட்டார் என்பதற்கு அதில் வேலையில்லை.

இது எவ்வளவு பெரிய அளவில் நடக்கக்கூடியது என்பதை 2024ஆம் ஆண்டில் உலகமே பார்த்தது. யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்துக்கும் டிக்டொக்குக்கும் இருந்த உரிமம் அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதியோடு முடிந்தது. புதுப்பிக்கும் பேச்சு முறிந்துபோனதை யுனிவர்சல் ஒரு திறந்த கடிதத்தில் சொல்லியிருந்தது. பெப்ரவரி 1ஆம் திகதியிலிருந்து டெய்லர் ஸ்விஃப்ட், பில்லி ஐலிஷ், டிரேக் போன்றவர்களின் பாட்டுகள் டிக்டொக் நூலகத்திலிருந்து போயின. புதிதாகப் போட முடியாமல் போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏற்கெனவே அந்தப் பாட்டுகளைப் போட்டு ஓடிக்கொண்டிருந்த வீடியோக்களும் ஊமையாகின. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பந்து விளையாட்டுப் போட்டிகளுக்கும் பிறந்தநாளுக்கும் ஆங்கிலப் பாட்டுப் போட்டுச் செய்த துண்டுகளும் அதில் அகப்பட்டன. பிள்ளைகள் ஃபோனின் ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் பழுதென்று என்னிடம் கொண்டுவந்தார்கள்.

அந்த மாத இறுதியில் இரண்டாவது அலை வந்தது. இது தொழிலில் இருப்பவர்கள் கவனித்து வைக்க வேண்டியது. யுனிவர்சலின் பதிப்புப் பிரிவோடு சேர்ந்த பாடலாசிரியர்களோ இசையமைப்பாளர்களோ கைவைத்த பாட்டுகளும் விலக்கப்பட்டன. பாடியவர் வேறு நிறுவனத்தவராக இருக்கலாம். ஒலிப்பதிவு வேறொருவருடையதாக இருக்கலாம். எழுதியவர்களில் ஒருவர் அந்தப் பதிப்பு நிறுவனத்தில் இருந்தாலே பாட்டுக்குச் சிக்கல் வந்தது. இரண்டு கதவென்று மேலே சொன்னேனே, அதில் இரண்டாவது கதவு சாத்தப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் இரு தரப்பும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. பாட்டுகள் திரும்ப வந்தன.

அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் திகதி, நாடு பார்த்துப் பாட்டு மறைவது எப்படி என்பதை யூடியூப் காட்டியது. செசாக் என்ற அமெரிக்க உரிமைச் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தம் இழுபறியானதும் அடெல், பொப் டிலன் போன்றவர்களின் பாட்டுகள் அமெரிக்காவில் மட்டும் திறக்கவில்லை. அங்கே பார்த்தவர்களுக்கு, இதில் செசாக்கின் உள்ளடக்கம் இருக்கிறது, உங்கள் நாட்டில் கிடைக்காது என்ற அறிவித்தல்தான் வந்தது. அதே பாட்டைக் கண்டியில் அதே நேரத்தில் கேட்க முடிந்தது. சில நாட்களுக்குள் அவர்கள் இணங்கிப்போனதால் எல்லாம் பழையபடி ஆனது. ஜெர்மனியில் இதே மாதிரியான பிணக்கு 2009இலிருந்து 2016வரை இழுத்தது. கெமா என்ற சங்கத்துக்கும் யூடியூப்புக்கும் உடன்பாடு வரும்வரை அந்த நாட்டவர் எண்ணற்ற இசை வீடியோக்களைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். ஆகவே ஒரு நாட்டில் பாட்டு மறைந்தால் அது வாரத்திலும் திரும்பலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். எவ்வளவு காலம் என்று படம் எடுத்தவரால் சொல்ல முடியாது.

இனி, ஒரு ஷோர்ட்டுக்கு என்னென்ன நடக்கக்கூடும் என்று பிரித்துச் சொல்கிறேன். என் அனுபவத்தில் மூன்று நிலைகள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் நிலை: பாட்டு நூலகத்திலிருந்து போய்விடும், ஆனால் ஏற்கெனவே போட்ட ஷோர்ட் பாட்டோடு ஓடிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஷோர்ட்டின் அடியில் இருக்கும் பாட்டின் பெயரைத் தட்டினால், அதே பாட்டைப் போட்ட மற்றவர்களின் வீடியோக்கள் வரிசையாக வரும் பக்கம் திறக்கும். அந்தப் பக்கம் திறக்காமல் போனாலோ, புதிதாகப் போடத் தேடும்போது பாட்டு கிடைக்காமல் போனாலோ இந்த நிலைதான். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதே குடும்பத்துக்கு அடுத்த ஷோர்ட் செய்வதாக இருந்தால் அந்தப் பாட்டை நம்பக்கூடாது.

இரண்டாவது நிலை: படம் ஓடும், ஒலி வராது. டிக்டொக்கில் இப்படியான வீடியோவில் `This sound isn't available` என்று எழுதிக் காட்டும். ஊமையாக்கும்போது பாட்டு மட்டும் போகும் என்று நினைக்கக்கூடாது. 2024இல் பலருடைய வீடியோக்களில் அவர்கள் பேசிய பேச்சும் சேர்ந்தே போனது. பாட்டையும் பேச்சையும் ஒரே தடமாகக் கலந்து ஏற்றிவிட்டால், பிறகு தளம் அதை ஒன்றாகத்தான் கையாளும். தாலி கட்டும்போது ஐயர் சொன்ன மந்திரமும், அம்மாயி அழுத சத்தமும், எங்கோ எவருக்கோ முடிந்துபோன உரிமத்தோடு சேர்ந்து அடங்கிவிடும்.

மூன்றாவது நிலை: சில நாடுகளில் ஷோர்ட் திறக்கவே திறக்காது, மற்ற இடங்களில் குறையில்லாமல் ஓடும். இதுதான் எங்கள் ஊருக்கு அதிகம் வலிக்கும் நிலை. ஏனென்றால், போட்டவர் கண்ணுக்கு இது தெரியாது. இலங்கையில் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பார்வை எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கும். யாருக்காக ஷோர்ட் செய்தோமோ அந்த ஆள் மட்டும் பார்க்க முடியாமல் இருப்பார்.

யூடியூப்பில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, உள்ளடக்கப் பட்டியலில் Shorts பகுதிக்குப் போனால், ஒவ்வொரு வீடியோவுக்கும் நேரே Restrictions என்ற நிரல் இருக்கும். அதில் Copyright என்று எழுதியிருந்தால் அதைத் திறக்க வேண்டும். எந்தப் பாட்டு, எத்தனையாவது செக்கனிலிருந்து எத்தனையாவது செக்கன்வரை, யார் உரிமை கோரியிருக்கிறார், அதன் விளைவு என்ன, எந்தெந்த நாடுகளில் தடை என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். உரிமையாளர் ஒரே பாட்டுக்கு ஒரு நாட்டில் தடை, இன்னொரு நாட்டில் விளம்பர வருமானம் மட்டும், மூன்றாவது நாட்டில் வெறும் கண்காணிப்பு என்று வேறு வேறு முடிவு சொல்லலாம். அதையும் அங்கேயே காணலாம். இன்னொரு அடையாளம், பார்வையாளர்கள் எந்தெந்த நாட்டவர் என்று காட்டும் கணக்கு. ஒரு நாட்டின் பார்வை ஒரே நாளில் இல்லாமல் போயிருந்தால், மக்களுக்குச் சலித்துவிட்டது என்று எண்ணாமல் பாட்டைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். பன்வில ரோட்டில் ஒரு தோட்டத்துக் கல்யாணம். 45 செக்கன் ஷோர்ட். குடும்பம் ஒரு தமிழ்ப் படப் பாட்டைக் கேட்டது; ஃபோனில் யூடியூப் நூலகத்திலிருந்தே அதைச் சேர்த்தோம். சில வாரங்கள் நன்றாக ஓடியது. பிறகு பெண்ணின் தாய் ஃபோனோடு கடைக்கு வந்தார். "தம்பி, தங்கச்சி கனடாவுல இருந்து பேசுனா. கல்யாண வீடியோ தெறக்கவே மாட்டேங்குதாம். நீங்க எடுத்துட்டீங்களான்னு கேக்குறா" என்றார். நான் எடுக்கவில்லை என்று சொல்லி, அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். "வீடியோ வருதில்லை" என்று வாயால் சொல்வதில் இணையக் கோளாறும் இருக்கும், தடையும் இருக்கும். திரையின் படம் வந்ததும் விளங்கிவிட்டது. அவருடைய நாட்டில் கிடைக்காது என்று எழுதியிருந்தது. குவைத்தில் இருந்த மூத்த மகளிடம் கேட்டோம். "இங்க நல்லா ஓடுதும்மா" என்றார். கோத்தகிரியில் இருந்த மாமாவுக்கும் ஓடியது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்தபோது சில நாடுகளின் பெயர் இருந்தது. கனடா அதில் ஒன்று.

இந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் பயந்துபோய், "எதுக்கு வம்பு, அழிச்சிடுங்க" என்பார்கள். அழிக்கக்கூடாது. தானியங்கி முறையில் வரும் இப்படியான உரிமைக் கோரிக்கையால் செனலுக்கு எச்சரிக்கைப் புள்ளி விழுவதில்லை. உரிமையாளர் முறைப்படி வீடியோவை நீக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பினால்தான் அந்தப் புள்ளி. 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால்தான் செனல் போகும். இரண்டும் வேறு வேறு. தவிர, அழித்தால் பார்வையும் வாழ்த்துக் கருத்துகளும் அதோடு போகும். ஒப்பந்தம் திரும்பும்போது அழிக்காத வீடியோ தானாகவே எழும்பக்கூடும். டிக்டொக்கில் 2024 மே மாதத்தில் அப்படித்தான் நடந்தது. அழித்தவர்களுக்கு எழும்ப ஒன்றும் இருக்கவில்லை.

அழிக்காமல் சரிசெய்ய யூடியூப் ஸ்டூடியோ சில வழிகளைக் காட்டும். பாட்டு வரும் பகுதியை வெட்டிவிடலாம். `Replace song` மூலம் வேறு பாட்டைப் போடலாம். `Erase song` மூலம் பாட்டை மட்டும் உரித்தெடுத்துவிட்டு மற்ற ஒலிகளை வைத்துக்கொள்ள முயலலாம். எந்த வழி திறந்திருக்கிறது என்பது வீடியோவுக்கு வீடியோ மாறும். இவற்றின் நன்மை, இணைப்பும் பார்வை எண்ணிக்கையும் கருத்துகளும் அப்படியே இருக்கும். குறையும் உண்டு. மாற்றிப் போடும்போது யூடியூப்பின் இலவச இசைத் தொகுப்பிலிருந்துதான் எடுக்க முடியும். நம்மிடம் இருக்கும் ஒலியை அங்கே ஏற்ற முடியாது. பாட்டை உரிக்கும் கருவி பேச்சுக்கு அடியில் மெல்ல ஓடும் பாட்டில் நன்றாக வேலை செய்யும். பாட்டின் மேல் நாதஸ்வரமும் தவிலும் கேட்கிற இடத்தில், எது பாட்டு எது மேளம் என்று தடுமாறி மேளத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். சரிபார்க்க ஹெட்போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் இந்தக் கரைசல் தெரியாது.

வேறு பாட்டைப் போடுவதில் இன்னொரு நுட்பமான இடர் இருக்கிறது. எடிட் பழகியவர்களுக்கு இது தெரியும். வாடிக்கையாளருக்கு என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அந்தக் கல்யாண ஷோர்ட்டில் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு. ஒரு தட்டுக்கு 0.625 செக்கன், நான்கு தட்டுக்கு 2.5 செக்கன். ஒவ்வொரு நான்கு தட்டுக்கும் ஒரு காட்சி மாறும்படி வெட்டியிருந்தேன். செக்கனுக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு காட்சிக்கு 75 ஃபிரேம். 45 செக்கனில் 18 காட்சிகள். இதன் மேல் 104 தட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டால் அதன் நான்கு தட்டு ஏறத்தாழ 2.3 செக்கனில் முடிந்துவிடும். முதல் வெட்டில் கொஞ்சம் பிசகும். மூன்றாவது வெட்டுக்குள் ஒரு முழுத் தட்டு விலகிவிடும். பிறகு படமும் பாட்டும் ஆளுக்கொரு பக்கம் போகும். 120 தட்டுப் பாட்டைப் போட்டால் 2.5 செக்கனில் ஐந்து தட்டு அடங்கும். வெட்டு தட்டின் மேல்தான் விழும், ஆனால் பெரும்பாலும் தாளத்தின் முதல் தட்டில் விழாது. பார்க்கலாம், அழகில்லை. ஆகவே மாற்றுப் பாட்டுத் தேடும்போது மெட்டு பிடிக்கிறதா என்று கேட்பதற்கு முன், அதே வேகத்தில் இருக்கிறதா என்று விரலால் தட்டி எண்ணிப் பார்க்க வேண்டும். இலவசத் தொகுப்பில் 96க்கு அண்மையில் இருந்தவை கல்யாணத்துக்குப் பொருந்தாத இசையாக இருந்தன.

அதனால் வேறு வழியை எடுத்தோம். பழைய ஷோர்ட்டை அப்படியே விட்டுவிட்டு, பாட்டே இல்லாமல் இரண்டாவது ஷோர்ட் ஒன்று செய்தேன். கல்யாணத்தன்று கமெராவில் பதிந்த ஒலி என்னிடம் முழுதாக இருந்தது. நாதஸ்வரக்காரர் மண்டபத்தில் தாளமில்லாமல் இராகத்தை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பகுதியை எடுத்து ஷோர்ட்டின் முதல் பாதிக்கு விரித்தேன். ஆலாபனைக்குத் தட்டுக் கணக்குக் கிடையாது, ஆகவே 2.5 செக்கன் வெட்டுகள் எங்கே விழுந்தாலும் முரண்படாது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் காட்சியிலிருந்து அந்த நேரத்து ஒலியையே விட்டேன். கெட்டிமேளம் அங்கே இடிக்கிறது, பெண்களின் குரல் ஒன்றாக எழுகிறது, பிறகு அட்சதை விழுகிற நேரத்தில் யாரோ ஒருவர் மணப்பெண்ணின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார். புதிய இணைப்பை வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்பினோம். பழைய ஷோர்ட்டில் புதியதைத் தொடர்புள்ள வீடியோவாக இணைத்துவிட்டேன். ஷோர்ட்ஸ் கருத்துகளில் எழுதும் இணைப்புகளை 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து தட்டித் திறக்க முடியாது. ஆகவே அங்கே எழுதி வைப்பதில் பயனில்லை.

சொந்த ஒலி என்றால் எல்லாமே பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. கல்யாண மேளத்தில் நாதஸ்வரக்காரர் படப் பாட்டை வாசித்தால், வாசித்தவர் நம் ஊர்க்காரர் என்றாலும் மெட்டு வேறொருவருடையது. யூடியூப்பின் தேடும் முறை மெட்டையும் பிடிக்கக்கூடியது. கோயில் திருவிழாவில் இன்னொரு தொல்லை. தேர் வரும், தப்பு அடிப்பார்கள், அதற்குப் பின்னால் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நம் காதுக்குத் தப்புதான் பெரிதாகக் கேட்கும். இயந்திரம் பின்னால் ஓடும் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு ஒரே வழி, பதியும்போதே மைக்கை ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி வைத்து, தப்பு அடிப்பவர்களுக்குக் கிட்டப் போய் நிற்பதுதான். தப்பைத் தீயில் காய்ச்சுகிற நேரம் இன்னும் நல்லது. அப்போது பெரும்பாலும் ஒலிபெருக்கி தொடங்கியிருக்காது. தோலைத் தட்டிப் பதம் பார்க்கும் சத்தமும் நெருப்பின் சத்தமும் தனியாகக் கிடைக்கும்.

நீளத்தையும் கவனிக்க வேண்டும். 2024 ஒக்டோபர் 15ஆம் திகதியிலிருந்து ஷோர்ட்டை மூன்று நிமிடம்வரை நீட்டலாம் என்று யூடியூப் அனுமதித்தது. அதோடு சேர்த்து அறிவித்த விதியைப் பலர் கவனிக்கவில்லை. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷோர்ட்டில் தானியங்கி உரிமைக் கோரிக்கை நடப்பில் இருந்தால், உரிமையாளர் சாதாரணமாக என்ன முடிவு வைத்திருந்தாலும், அந்த ஷோர்ட் உலகம் முழுவதும் தடைபடும். 55 செக்கனில் சில நாடுகளோடு நிற்கக்கூடிய சிக்கல் 70 செக்கனில் எல்லா நாட்டுக்கும் பரவும். பாட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

கடைக்காரர்களுக்கு நான் செய்யும் விளம்பரத் துண்டுகளில் பிரச்சினை வேறு. டிக்டொக்கில் வணிகக் கணக்குகளுக்கு வணிகத்துக்கென்று உரிமம் பெற்ற பாட்டுத் தொகுப்பு தனியாக இருக்கிறது. தனிப்பட்ட கணக்கில் கிடைக்கும் படப் பாட்டை எடுத்துப் புடைவைக் கடை விளம்பரத்துக்குப் போட அனுமதி கிடையாது. அந்த வேலைக்கு ஆரம்பத்திலேயே வணிகத் தொகுப்பில் பாட்டெடுக்க வேண்டும்; பிறகு மாற்றலாம் என்று விட்டால், கழிவு விற்பனை தொடங்கும் வாரத்தில் விளம்பரம் ஊமையாக நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு என் வேலைமுறை இப்படி அமைந்துவிட்டது. ஒரு ஷோர்ட்டை முடிக்கும்போது மூன்று கோப்புகளை எடுத்து வைக்கிறேன். ஒன்று, ஒலியே இல்லாத படம். இரண்டாவது, அன்று அந்த இடத்தில் பதிந்த ஒலி மட்டும் சேர்ந்த படம். மூன்றாவது, அந்த ஒலியைத் தனியாக, படமில்லாமல். நூலகப் பாட்டைக் கடைசியில், செயலிக்குள்ளே மட்டும் சேர்க்கிறேன். என் கணினிக் கோப்புகளில் அது கலப்பதில்லை. இவை மூன்றும் இருந்தால், எந்த நாட்டில் எந்தப் பாட்டுப் போனாலும் ஒரு மாலைப் பொழுதில் புதிதாகச் செய்துவிடலாம். செயலிக்குள்ளேயே வெட்டி, அங்கேயே பாட்டுச் சேர்த்து, அங்கேயே விட்டுவிட்டால் திரும்பிக் கிடைப்பது ஊமைப் படம் மட்டும்தான்.

வெட்டும்போதும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முழு ஷோர்ட்டையும் ஒருமுறை பாட்டை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். யார் மாப்பிள்ளை, யார் பெண், எந்த ஊர், என்ன சடங்கு என்பது பாட்டில்லாமலே விளங்குகிறதா? விளங்காவிட்டால் எழுத்துச் சேர்க்கிறேன், அல்லது காட்சியின் வரிசையை மாற்றுகிறேன். பாட்டின் வரி ஒன்று சொல்லும் அர்த்தத்தை நம்பி ஒரு காட்சியை வைத்தால், பாட்டுப் போகும் நாளில் அந்தக் காட்சி அர்த்தமில்லாமல் நிற்கும்.

கொடுக்கும் முன் இன்னொன்றும் செய்கிறேன். ஷோர்ட்டை முதலில் இணைப்பு இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி, குடும்பத்தாரிடம் அந்த இணைப்பைக் கொடுத்து, எந்தெந்த நாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார்களோ அவர்களில் ஒருவருக்கு அனுப்பச் சொல்கிறேன். "சத்தத்தோட ஓடுதா?" என்ற ஒரே கேள்விதான். இங்கே இருந்துகொண்டு அந்த நாட்டுக் கணக்கைப் பார்க்கும் குறுக்குவழிகளை நம்புவதைவிட, கட்டாரில் படுக்கையில் சாய்ந்து ஃபோனைத் திறக்கும் ஒரு அண்ணனின் பதில் நம்பகமானது. பிறகுதான் எல்லாருக்கும் திறந்துவிடுகிறேன். இன்று ஓடியதால் என்றும் ஓடும் என்று அதற்குப் பொருளில்லை. கொடுக்கிற நாளில் ஓடியது என்பது மட்டும் உறுதி. அதையும் வாடிக்கையாளரிடம் சொல்லித்தான் காசு வாங்குகிறேன்.

மலைநாட்டில் இந்த வேலையைத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நூலகப் பாட்டைப் போடுங்கள். சட்டப்படி அதுதான் நேரான வழி, மக்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கமெராவை எடுத்துப் போகும்போது ஒரு மைக்கையும் எடுத்துப் போங்கள். அந்த இடத்தின் ஒலியைப் பதிந்து, தனிக் கோப்பாகப் பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். பாட்டு யாருடையதோ, அவர் எந்த நாட்டிலும் எப்போதும் அதைத் திருப்பி எடுக்கலாம். மேளம் கேட்ட அந்த மண்டபத்தின் ஒலி நீங்கள் பதிந்தால்தான் இருக்கும். இரண்டாவது முறை அதைப் பதிய யாராலும் முடியாது.